கடலை மிட்டாய் மெஷினை மடக்குவது எப்படி?

சென்னை கோயம்பேடு சந்தையில் 2022 ஜூன் மாதம் ஒரு மெஷின் வைத்தார்கள். 10 ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை வெளியே வரும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் மென்பொருள் சோதனை பற்றிப் பேச ஒரு பள்ளியில் கூப்பிட்டபோது, இந்த மாதிரி மெஷினை வைத்தே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். காசு போடுவது, பட்டனை அழுத்துவது, பொருளை எடுப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் உள்ளே ஒரு சின்ன புரோகிராம் ஓடுகிறது. எங்கே புரோகிராம் ஓடுகிறதோ அங்கே பக் என்கிற பிழையும் இருக்கும். அன்று பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நிஜ மெஷின் எதையும் நாங்கள் தொடவில்லை. ஒரு பெரிய அட்டைப்பெட்டி, அதற்குப் பின்னால் ஒரு மாணவன், அவன் கையில் ஒரு தாள். அதுதான் மெஷின். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் அவன் செய்ய வேண்டும். சொந்தமாக யோசிக்கக் கூடாது, யார் மீதும் இரக்கம் காட்டக் கூடாது. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இது கஷ்டமான வேடம்தான். மற்றவர்கள் எல்லோரும் சோதிப்பவர்கள்.

எங்கள் மெஷின் விற்பது ஒரே பொருள், 15 ரூபாய்க்கு ஒரு கடலை மிட்டாய் பாக்கெட். 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களை வாங்கிக்கொள்ளும். இரண்டே பட்டன்கள் உண்டு. ‘கொடு’ என்பதை அழுத்தினால், 15 ரூபாய் சேர்ந்திருக்கும் பட்சத்தில் ஒரு பாக்கெட்டும், கூடுதலாகப் போட்டிருந்தால் மிச்சச் சில்லறையும் வர வேண்டும். ‘ரத்து’ என்பதை அழுத்தினால் போட்ட காசு முழுவதும் திரும்ப வர வேண்டும். மெஷினின் முதலாளி சொன்ன விதிகள் இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்.

“எங்கே, சோதித்துப் பாருங்கள்” என்றேன். முன்வரிசை மாணவி ஒருத்தி 20 ரூபாய் நாணயத்தைப் போட்டு ‘கொடு’ என்றாள். பாக்கெட் வந்தது, 5 ரூபாயும் வந்தது. அடுத்தவன் இரண்டு 10 ரூபாய் போட்டான். அவனுக்கும் அதே. வகுப்பே கைதட்டியது. மெஷின் நன்றாக வேலை செய்கிறது, சோதனை முடிந்தது என்று பாதிப் பேர் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு பேரும் செய்தது ஒரே சோதனைதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. 20 ரூபாய் ஒரே காசாக வந்தது, பிறகு இரண்டு காசாக வந்தது, அவ்வளவுதான். இரண்டிலும் விலையைவிட அதிகப் பணம் போட்டுப் பார்த்திருக்கிறோம். அதே வகையில் இன்னும் நூறு முறை போட்டாலும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாமே என்றான் ஒரு பையன். சரி, கணக்குப் போடுவோம். ஐந்து வகை நாணயம், இரண்டு பட்டன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் செய்யக்கூடியவை ஏழு. பத்து செயல்களை அடுத்தடுத்துச் செய்தால், ஏழைப் பத்து முறை பெருக்க வேண்டும். 28 கோடியே 24 லட்சத்துச் சொச்சம் விதங்கள் வரும். ஒவ்வொன்றையும் செய்து பார்க்க அரை நிமிடம் ஆகும் என்றால், இரவு பகலாகச் செய்தாலும் சுமார் 268 ஆண்டுகள் ஆகும். இத்தனைக்கும் இது ஒரே பொருள் விற்கிற, இரண்டே பட்டன் உள்ள மெஷின். ஆகவே சோதிப்பவர் எதை விட்டுவிடுவது, எதைக் கட்டாயம் செய்து பார்ப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

தேர்ந்தெடுக்க முதல் வழி, ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டியவற்றை ஒரு கூட்டமாகச் சேர்ப்பது. பணமே போடாதது ஒரு கூட்டம். 1 முதல் 14 ரூபாய் வரை இன்னொரு கூட்டம், இவை எல்லாவற்றுக்கும் மெஷின் ‘போதாது’ என்று சும்மா இருக்க வேண்டும். சரியாக 15 ஒரு கூட்டம், பாக்கெட் மட்டும் வரும். 16-உம் அதற்கு மேலும் கடைசிக் கூட்டம், பாக்கெட்டுடன் சில்லறையும் வரும். ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு ஆளைக் கூப்பிட்டு விசாரித்தால் போதும். 3 ரூபாய்க்கு ஒழுங்காக நடக்கிற மெஷின் 4 ரூபாய்க்குத் திடீரென்று பைத்தியம் பிடித்து ஆடுவது அபூர்வம்.

ஆனால் எந்த ஆளைக் கூப்பிடுவது? நடுவில் இருப்பவரை அல்ல, எல்லையில் நிற்பவரை. புரோகிராம் எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இந்த எல்லைக்கோடுதான். ‘15-க்கு மேல்’ என்பதும் ‘15 அல்லது அதற்கு மேல்’ என்பதும் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்று போலவே ஒலிக்கும், புரோகிராமில் அவை வேறு வேறு. அதனால் 14, 15, 16 மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

காசைப் போடுவதற்கு முன்னால் இன்னொரு நிபந்தனை விதித்தேன். என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் பலகையில் எழுதிவிட வேண்டும், அப்புறம்தான் காசு. இது வெறும் சடங்கு மாதிரித் தோன்றும். ஆனால் எழுதாமல் சோதித்தால், மெஷின் எதைச் செய்தாலும் ‘அது அப்படித்தான் போலிருக்கிறது’ என்று மனசு சமாதானம் சொல்லிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, சம்பளம் வாங்கிச் சோதிக்கிறவர்களும் இதில் வழுக்குவார்கள்.

14 போட்டோம். எதுவும் வரவில்லை, எழுதியது போலவே. மெஷினை முதலிலிருந்து தொடங்கி 16 போட்டோம். பாக்கெட்டும் 1 ரூபாயும். சரி. ஒரு 10, ஒரு 5 போட்டு ‘கொடு’ என்றோம். மெஷினாக இருந்த பையன் தாளைப் பார்த்தான், ஒன்றும் கொடுக்கவில்லை. மறுபடி அழுத்தினோம். அப்போதும் இல்லை. இன்னும் ஒரு ரூபாய் போட்ட பிறகு பாக்கெட்டும் கொடுத்து அந்த ஒரு ரூபாயையும் திருப்பிக் கொடுத்தான்.

இந்த பக் கடைத்தெருவில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரியாக 15 போட்டவர் ‘காசு சரியாக விழவில்லை போல’ என்று நினைத்து இன்னொரு ரூபாய் போடுவார். அது திரும்பி வந்துவிடும். புகார் சொல்ல அவருக்கு எதுவும் இல்லை. மெஷினைச் செய்தவரோ சட்டைப்பையில் இருந்த ஒரே 20 ரூபாய் நாணயத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு மெஷினை அனுப்பியிருப்பார்.

இப்போது மாணவன் கையில் இருந்த தாளைப் பலகையில் எழுதிக் காட்டினேன். புரோகிராம் தெரியாதவர்களும் வாசித்துவிடலாம். `credit` என்பது இதுவரை சேர்ந்திருக்கும் பணம், `drop_packet` பாக்கெட்டைத் தள்ளுவது, `return_coins` காசைத் திருப்பிக் கொடுப்பது.

```c
uint8_t credit = 0;

void press_give() {
  if (credit > 15) {
    drop_packet();
    return_coins(credit - 15);
    credit = 0;
  }
}

void press_cancel() {
  return_coins(credit);
}
```

`credit > 15` என்ற இடத்தில் `credit >= 15` என்று இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு குறி விடுபட்டிருக்கிறது. இந்தப் பத்துப் பதினோரு வரிகளில் இது மட்டும்தானா என்று கேட்டேன். தாளைப் பார்க்காமல் மெஷினை மட்டும் வைத்து மீதியைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஏனென்றால் சோதிப்பவருக்குப் பல நேரம் உள்ளே இருக்கும் தாள் கிடைக்காது.

அடுத்து ‘ரத்து’ பட்டன். ஒருத்தி 10 ரூபாய் போட்டு ‘ரத்து’ அழுத்தினாள். 10 ரூபாய் திரும்ப வந்தது. விதிப்படி சரி, பலகையில் டிக் போட்டாயிற்று. உண்மையில் பக் அப்போதே நடந்து முடிந்துவிட்டது. காசு வெளியே வந்துவிட்டாலும் உள்ளே `credit` இன்னும் 10 என்றே இருக்கிறது. `press_cancel` அதைப் பூஜ்யமாக்கவில்லை. வெளியே பார்த்தால் எந்த அடையாளமும் கிடையாது. அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் அது தெரியவரும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “மேடம், ரத்தை இன்னொரு தடவை அழுத்தலாமா?” என்று கேட்டான். அழுத்தச் சொன்னேன். இன்னொரு 10 ரூபாய் வந்தது. மறுபடி அழுத்தினான், மறுபடியும் வந்தது. முன்னால் வாங்கியவர்கள் போட்ட காசெல்லாம் காலியாகும் வரை இதைச் செய்யலாம். வகுப்பில் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதே பக்கின் இன்னொரு முகமும் உண்டு. 10 போட்டு ரத்து செய்யுங்கள், 10 கைக்கு வந்துவிடும். அதையே மறுபடி போட்டு ‘கொடு’ அழுத்துங்கள். உள்ளே பழைய 10-உம் புதிய 10-உம் சேர்ந்து 20 ஆகிவிடும். பாக்கெட்டும் வரும், 5 ரூபாய் சில்லறையும் வரும். மொத்தத்தில் உங்களுக்கு 5 ரூபாயில் கடலை மிட்டாய்.

ஒரு முறை ரத்து, இரண்டு முறை ரத்து, ரத்துக்குப் பிறகு காசு என்று இவற்றையெல்லாம் எப்படி யோசித்துப் பிடிப்பது? எல்லோருக்கும் கடைசி பெஞ்ச் புத்தி தானாக வராது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. எந்த நேரத்திலும் மெஷின் ஏதோ ஒரு நிலையில் இருக்கும். சும்மா காத்திருக்கும், அல்லது காசு விழுந்து பட்டனுக்காகக் காத்திருக்கும், அல்லது பாக்கெட்டையோ சில்லறையையோ வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மூன்று நிலைகள். நாம் செய்யக்கூடியதும் மூன்றுதான்: காசு போடுவது, ‘கொடு’ அழுத்துவது, ‘ரத்து’ அழுத்துவது. மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டால் ஒன்பது பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும், இந்த நிலையில் இதைச் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மாணவர்கள் காசு விழுந்திருக்கும் நிலையின் மூன்று பெட்டிகளையும் மளமளவென்று நிரப்பினார்கள். முதலாளி சொன்ன விதிகள் முழுக்க அந்த நிலையைப் பற்றியவை. சும்மா இருக்கும்போது ‘ரத்து’ அழுத்தினால்? ஒன்றும் வரக் கூடாது என்று எழுதினார்கள். அந்தப் பெட்டிதான் சற்று முன் கிடைத்த பக்கின் வீடு. முதல் ரத்து முடிந்ததும் மெஷின் சும்மா இருக்கும் நிலைக்குத் திரும்பிவிட்டது என்று நாம் நினைக்கிறோம், அது திரும்பவில்லை. கட்டத்தை முன்பே போட்டிருந்தால் கடைசி பெஞ்ச்காரர் இல்லாமலே இது கிடைத்திருக்கும். இந்தக் கட்டம் போடும் பழக்கம் ஒன்றை மட்டும் அந்த வகுப்பு எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம், மற்றவற்றைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது நிலையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மெஷின் பாக்கெட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது யாராவது ‘ரத்து’ அழுத்தினால்? அப்போது காசு போட்டால்? விதியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படி வெற்றுப் பெட்டி வரும்போது சோதிப்பவர் தானாக ஒரு பதிலை ஊகித்து எழுதிவிடக் கூடாது. முதலாளியிடம் போய்க் கேட்க வேண்டும். நான் முதலாளி வேடத்தில் சொன்னேன்: ‘அந்த நேரத்தில் பட்டன்களைக் கண்டுகொள்ளாதே. ஆனால் விழுகிற காசு அடுத்தவருடையது, அது தொலையக் கூடாது.’

அந்தப் பெட்டியைச் சோதிக்க மெஷினுக்கு ஒரு உதவியாளரும் தேவைப்பட்டார். இந்த மாதிரிக் கருவிகளில் காசு விழுவதைக் கவனிக்கும் பகுதி பெரும்பாலும் தனியாக இயங்கும். மெஷின் வேறு வேலையில் இருந்தாலும் அது குறுக்கே புகுந்து `credit`-ஐ ஏற்றிவிட்டுப் போகும். எங்கள் நாடகத்தில் இந்த வேலையை ஒரு மாணவி எடுத்துக்கொண்டாள். காசு விழுந்தால் பலகையில் இருக்கும் `credit` எண்ணைக் கூட்டி எழுதுவது மட்டுமே அவள் வேலை.

முதல் ஆள் 20 ரூபாய் போட்டு ‘கொடு’ என்றான். பாக்கெட் விழுந்தது. 5 ரூபாய் சில்லறை வெளியே வந்துகொண்டிருந்த அந்த ஓரிரு நொடியில், வரிசையில் அடுத்து நின்றவள் அவசரப்பட்டு 10 ரூபாயைப் போட்டுவிட்டாள். உதவியாளர் 20-ஐ அழித்து 30 என்று எழுதினாள். சில்லறை கொடுத்து முடித்த மெஷின் தாளின் அடுத்த வரியைப் பார்த்தது. `credit = 0`. பலகையில் இருந்ததை அழித்துப் பூஜ்யம் போட்டது. பின்னால் நின்றவளின் 10 ரூபாய் போயே போய்விட்டது.

அதே காசு ஒரு நொடி முன்னால், பாக்கெட் விழுந்துகொண்டிருக்கும்போதே போடப்பட்டிருந்தால் கதை வேறு. `credit` அப்போதே 30 ஆகியிருக்கும். அடுத்த வரியில் மெஷின் 30-இல் 15-ஐக் கழித்து 15 ரூபாயை முன்னால் நின்றவன் கையில் கொடுத்திருக்கும். அதாவது ஒரே செயல் ஒரு நொடி வித்தியாசத்தில் இரண்டு விதமாகக் கெடுகிறது. இப்படிப்பட்ட பக்குகளுக்குத்தான் ‘என் மெஷினில் வரவில்லையே’ என்ற பதில் அதிகம் கிடைக்கும். சோதித்தவர் தனி ஆளாக, பொறுமையாக, பாக்கெட்டைக் கையில் எடுத்த பிறகு அடுத்த காசைப் போட்டிருந்தால் இது ஆயுசுக்கும் வராது.

நான்காவது பக்கையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. முதல் வரியில் இருக்கும் `uint8_t` என்பது 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் ஒரு பெட்டி. 255-உடன் ஒன்றைக் கூட்டினால் 256 ஆகாது, பூஜ்யத்துக்குப் போய்விடும். 20 ரூபாய் நாணயம் பன்னிரண்டு போட்டால் 240. பதின்மூன்றாவதைப் போட்டால் 260 ஆக வேண்டியது 4 ஆகிவிடும். ‘கொடு’ அழுத்தினால் பணம் போதாது, ‘ரத்து’ அழுத்தினால் 4 ரூபாய் வரும். 15 ரூபாய் மிட்டாய்க்கு 260 ரூபாய் யார் போடுவார்கள் என்று சிரித்தார்கள். நியாயம்தான். ஆனால் விதியில் கீழ் எல்லை இருக்கிறது, மேல் எல்லை இல்லை. அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம் என்று முதலாளியைக் கேட்டிருந்தால், ‘50 ரூபாய்க்கு மேல் வந்தால் காசை வெளியே தள்ளிவிடு’ என்று ஒரு விதி வந்திருக்கும். அப்போது சோதிக்க வேண்டிய இன்னொரு எல்லைக்கோடும் நம் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

இதுவரை எல்லாக் காசும் மெஷினுக்குச் சரியாகப் புரிந்துவிடும் என்று வைத்துக்கொண்டோம். காசு என்ற விஷயமே அவ்வளவு சாதுவானது அல்ல. வேறு என்ன போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டதும் வகுப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. வாஷர், சாக்லேட் காசு, வெளிநாட்டு நாணயம், சட்டைப் பொத்தான், நூல் கட்டிய காசு. நூல் கட்டிய காசு பழைய தந்திரம், உள்ளே விட்டுக் கணக்கு ஏறியதும் மேலே இழுத்துவிடுவது. இவை எல்லாம் நல்ல யோசனைகளே, நம் சொந்த மெஷினில் செய்து பார்க்கும் வரை. அடுத்தவர் மெஷினில் செய்தால் அதற்குப் பெயர் சோதனை அல்ல, திருட்டு.

ஆனால் எல்லோரும் போலிக் காசையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காசு தரும் தொல்லை அதைவிடச் சுவையானது. காசு வாங்கும் பகுதி நாணயத்தில் இருக்கும் படத்தையோ எழுத்தையோ பெரும்பாலும் படிப்பதில்லை. நாணயம் உருண்டு போகும் வழியில் கம்பிச் சுருள்களும் ஒளி உணரிகளும் இருக்கும். நாணயத்தின் அகலம், தடிமன், உலோகம் ஆகியவற்றுக்கு ஏற்ப அவற்றின் சிக்னல் மாறும். முன்பே மாதிரியாகப் போட்டுக் காட்டிய நாணயங்களின் அளவோடு ஒப்பிட்டு, இது 5 ரூபாய், இது 10 ரூபாய் என்று முடிவு செய்யும்.

இப்போது நம் ஊர் நாணயங்களைப் பாருங்கள். 10 ரூபாயும் 20 ரூபாயும் ஒரே அகலம், 27 மில்லிமீட்டர். இரண்டிலும் இரண்டு உலோகங்கள். 10 ரூபாய்க்கு வெளி வளையம் தங்க நிறம், நடுவில் வெள்ளி நிறம். 20 ரூபாய்க்கு அப்படியே தலைகீழ், ஓரமும் வட்டமாக இல்லாமல் பன்னிரண்டு பக்கங்களோடு இருக்கும். அகலத்தை மட்டும் நம்பும் மெஷின் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். எடையில் ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லை, 20 ரூபாய் 8.54 கிராம், 10 ரூபாய் 7.7 கிராமை ஒட்டியது.

இதைவிட மோசமான ஜோடி ஒன்று இருக்கிறது. 1992-இல் வந்த எஃகு 1 ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011-இல் வந்த 2 ரூபாய் நாணயமும் எஃகு, அதுவும் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். மதிப்பு இரண்டு மடங்கு, உடம்பு ஒன்றே. கடையில் அவசரத்தில் நாம் ஏமாறுவது போலவே, அகலத்தையும் எடையையும் மட்டும் அளக்கிற மெஷினும் ஏமாறும். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சோதிக்கப் போகிறவர், புது நாணயங்களை மட்டும் வங்கியில் வாங்கிவந்து சோதிப்பவரைவிடச் சீக்கிரம் பக் பிடிப்பார்.

10 ரூபாயில் இன்னொரு வேடிக்கை. 14 விதமான வடிவங்களில் இந்த நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. ஏனென்றால் தமிழ்நாட்டில் பல கடைகளில் அதை வாங்க மறுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போதும் மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெஷினும் அந்தக் கடைக்காரர் போல ஆகிவிடலாம். 5 ரூபாய்க்கு ஒரே ஒரு மாதிரியை மட்டும் காட்டிப் பழக்கினால் என்ன ஆகும்? பழைய செம்பு-நிக்கல் 5 ரூபாய் 9 கிராம், பிறகு வந்த எஃகு 5 ரூபாய் 6 கிராம், அகலம் இரண்டுக்கும் 23 மில்லிமீட்டர். ஒன்றைப் பழக்கினால் மற்றதை மெஷின் துப்பிவிடும். நல்ல காசைத் துப்புவதும் பக்தான்.

அப்படியானால் கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். தளர்த்தலாம், பெரும்பாலான காசு வாங்கிகளில் அதற்கு ஒரு அமைப்பு உண்டு. தளர்த்தினால் தேய்ந்த காசும் அழுக்கேறிய காசும் உள்ளே போகும், கூடவே வாஷரும் போகும். இறுக்கினால் வாஷர் நிற்கும், தேய்ந்த நல்ல காசும் நிற்கும். இரண்டு தவறையும் ஒரே திருகில் ஒழிக்க முடியாது. எத்தனை நல்ல காசு திரும்பினால் பரவாயில்லை என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும். சோதிப்பவர் இரண்டு பக்கத்தையும் எண்ணிச் சொல்லலாம்.

கிடைத்த பக்கை எப்படிச் சொல்வது என்பதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்கினேன். ‘மெஷின் காசைத் தின்கிறது’ என்று எழுதினால் செய்தவருக்கு ஒன்றும் புரியாது. அவர் 20 ரூபாயைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார். ஒரு குழு எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது: “மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தோம். ஒரு 10 ரூபாய் போட்டோம். ரத்து அழுத்தினோம், 10 ரூபாய் வந்தது. வேறு காசு போடாமல் மறுபடி ரத்து அழுத்தினோம். எதுவும் வரக் கூடாது. ஆனால் 10 ரூபாய் வந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் வந்தது.” இதில் எங்கிருந்து தொடங்கினோம், என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எப்போதும் நடக்கிறதா என்று எல்லாமே இருக்கிறது. முதல் வாக்கியத்தை, அதாவது மெஷினைப் புதிதாகத் தொடங்கியதை, பலர் விட்டுவிடுவார்கள். உள்ளே பழைய கணக்கு மிச்சம் இருந்தால் முடிவு மாறிவிடும் என்பதால் அது தேவை.

அப்புறம் செய்தவர் திருத்திக் கொண்டுவந்தார், அதாவது நான் பலகையில் திருத்தினேன். `>` இருந்த இடத்தில் `>=` வந்தது. ரத்துப் பகுதி இப்படி ஆயிற்று:

```c
void press_cancel() {
  return_coins(credit);
  credit = 0;
}
```

இரண்டு முறை ரத்து அழுத்தினார்கள். இரண்டாவது முறை ஒன்றும் வரவில்லை. 15 ரூபாய் போட்டார்கள், பாக்கெட் வந்தது. முன்பு சரியாக நடந்தவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் ஒன்றைத் திருத்தும்போது வேறொன்று உடைவது வழக்கம். 14, 16, 20 எல்லாம் சரியாகவே இருந்தன. கையைத் தட்டப் போனவர்களை உதவியாளர் வேடத்தில் இருந்த மாணவி நிறுத்தினாள். காசு திரும்ப வந்துகொண்டிருக்கும்போது அடுத்தவர் காசு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். 10 போட்டு ரத்து செய்தார்கள். காசு வெளியே வந்துகொண்டிருக்கும்போது பின்னால் நின்றவன் 5 ரூபாய் போட்டான், அவள் 15 என்று எழுதினாள், மெஷின் அடுத்த வரியைப் படித்துப் பூஜ்யமாக்கியது. ‘கொடு’ பட்டனில் இருந்த பக் இப்போது ‘ரத்து’ பட்டனுக்கும் வந்துவிட்டது, அதுவும் திருத்தியதாலேயே.

கொடுக்க வேண்டிய தொகையைத் தனியாகக் குறித்துக்கொண்டு, கணக்கை முதலில் பூஜ்யமாக்கிவிட்டு, அதன் பிறகு காசைத் தள்ளினால் இது தீரும். இரண்டு பட்டனுக்கும் அப்படி மாற்றி எழுதும் வேலையை அவர்களிடமே விட்டேன். கூடவே முதலாளிக்கு ஒரு கேள்வியும் எழுதிவரச் சொன்னேன். 20 ரூபாய் போட்டாயிற்று, ‘கொடு’ அழுத்தியாயிற்று, உள்ளே 5 ரூபாய் சில்லறை தீர்ந்துவிட்டது. மெஷின் என்ன செய்ய வேண்டும்? பாக்கெட்டைக் கொடுத்து 5 ரூபாயை விழுங்கலாம், 20 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து மிட்டாய் இல்லை என்று சொல்லலாம், அல்லது காசு போடும் முன்பே ‘சரியான சில்லறை போடவும்’ என்று விளக்கு எரியலாம். மணி அடித்த பிறகும் இதில் அவர்களுக்குள் சண்டை ஓயவில்லை.